பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் சிவப்பு தங்காது

தூத்துக்குடி முத்துக்குளிப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியாகிவிட்டது. கூடவே வைக்கப் பொருத்தமான படம் கிடைக்கவில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் கேட்டு வரைந்துகொள்ளலாம் என்று உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிராம்ப்ட் எழுதுகிறார்கள்:

```
underwater scene, pearl diver, coral reef, golden god rays,
floating particles, vibrant colors, highly detailed
```

கடலடிக் காட்சி, முத்துக் குளிப்பவர், பவளத்திட்டு, பொன்னிற ஒளிக்கதிர்கள், மிதக்கும் துகள்கள், பளிச்சென்ற நிறங்கள் என்று கேட்டால் கேட்டதெல்லாம் வந்துவிடும். மேலேயிருந்து பொன் கம்பிகளாய் வெயில் இறங்கும். தரையில் சிவப்பும் ஆரஞ்சுமாகப் பவளம் பூத்திருக்கும். மின்மினிகளைப் போலத் துகள்கள் படம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். குளிப்பவர் நீச்சல் கண்ணாடி போட்டிருப்பார். வாயிலிருந்து குமிழிகள் கிளம்பும். பார்க்க அழகாக இருந்தாலும், மன்னார் வளைகுடாவில் மூழ்கி எழுந்த எவருக்கும் இது தங்கள் கடல் இல்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

தவறு எங்கே நுழைகிறது என்று பார்க்க வேண்டும். இந்தச் செயலிகள் ஒளி தண்ணீருக்குள் எப்படிப் போகும் என்று கணக்குப் போடுவதில்லை. கோடிக்கணக்கான படங்களையும் அவற்றின் கீழே எழுதப்பட்ட குறிப்புகளையும் பார்த்து, எந்தச் சொல்லோடு எந்தத் தோற்றம் வருகிறது என்று பழகியவை அவை. கடலடிப் படங்கள் என்று உலகில் புழங்குபவற்றில் மிகப் பல, பளபளக்கும் ஃபிளாஷ் விளக்கோடு எடுத்தவை. அல்லது எடுத்த பிறகு நிறம் கூட்டித் திருத்தியவை. அல்லது கண்ணாடி போலத் தெளிந்த ஆழமற்ற வெப்பக் கடல்களில் எடுத்தவை. ஆகவே ‘கடலடி’ என்ற ஒரு சொல்லை மட்டும் கொடுத்தால், கிடைப்பது அந்தச் சராசரிதான். நமக்கு வேண்டிய கடல் வேறு என்றால் அதை நாமே சொல்லியாக வேண்டும்.

எப்படிச் சொல்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ‘ஆழம் 12 மீட்டர், பார்வைத் தூரம் 8 மீட்டர்’ என்று எண்களை எழுதினால் பெரிய பயன் இருக்காது. படங்களின் குறிப்புகளில் அந்த எண்கள் அரிதாகவே இருந்திருக்கும். எட்டு மீட்டருக்கும் இருபது மீட்டருக்கும் உள்ள வேறுபாட்டைச் செயலி அவற்றிலிருந்து கற்றிருக்க வாய்ப்பில்லை. எண்கள் நமக்கு வேண்டும், செயலிக்கு வேண்டாம். ஆழத்தையும் நீரையும் சூரியனையும் முதலில் நாம் முடிவு செய்துகொண்டு, அந்த இடத்தில் கண்ணுக்கு என்ன தெரியும் என்பதைக் கணித்து, அந்தத் தோற்றத்தை மட்டும் எழுத வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் செய்துகாட்டப் போவது அதைத்தான்.

நம்முடைய காட்சியை முடிவு செய்வோம். முத்துச் சிப்பி விளையும் கடலடித் திட்டுகளைப் ‘பார்’ என்பார்கள். தூத்துக்குடிக் கடலின் பார்கள் பல, சுமார் பத்து முதல் இருபது மீட்டர் ஆழத்தில் இருக்கின்றன. நாம் பன்னிரண்டு மீட்டரை எடுத்துக்கொள்வோம். மாதம் மார்ச். காற்றும் அலையும் அடங்கியிருக்கும் அந்தப் பருவத்தில்தான் முத்துக்குளிப்பு நடந்துவந்தது. நேரம் காலை ஒன்பதரை. அந்த நேரத்தில் தூத்துக்குடியில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 45 பாகை உயரத்துக்கு ஏறியிருக்கும். நீர் கரையோர நீர். பார்வை எட்டு மீட்டருக்கு எட்டும் என்று வைத்துக்கொள்வோம். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின் மீது கால் வைத்து இறங்குகிறார். நாம் அவருக்கு மூன்று மீட்டர் தள்ளி, அதே ஆழத்தில் இருந்து பார்க்கிறோம்.

முதலில் நிறம். வெள்ளை வெயிலில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது. தண்ணீர் அவற்றை ஒரே அளவில் விழுங்குவதில்லை. சிவப்பைத்தான் மிக வேகமாக விழுங்குகிறது. மாசுமருவற்ற தூய நீரிலேயே சிவப்பு ஒளி இரண்டு மீட்டருக்கு ஒருமுறை பாதியாகிறது. ஆரஞ்சு மூன்று மீட்டருக்கு ஒருமுறை. பச்சை பாதியாகப் பன்னிரண்டு மீட்டர் போக வேண்டும். நீலத்துக்கு எழுபது மீட்டருக்கும் மேல். நம் குளிப்பவர் இருக்கும் பன்னிரண்டு மீட்டரில் சிவப்பு ஆறு முறை பாதியாகி, மேலே இருந்ததில் அறுபத்து நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது.

கதை அங்கே முடிவதுமில்லை. அவர் இடுப்பில் கட்டியிருக்கும் துணி சிவப்பு என்றால், அதில் பட்டுத் திரும்பும் சிவப்பு ஒளி நம் கண்ணை அடைய இன்னும் மூன்று மீட்டர் தண்ணீரைக் கடக்க வேண்டும். மொத்தம் பதினைந்து மீட்டர். மிஞ்சுவது ஏறத்தாழ நூற்றெண்பதில் ஒரு பங்கு. கண்ணுக்கு அந்தத் துணி கறுப்பாகத்தான் தெரியும். அவருடைய தோலின் கபில நிறத்தில் வெதுவெதுப்பாகத் தெரிவதும் சிவப்பும் ஆரஞ்சும்தான். அவை போய்விட்டால் தோல் ஒலிவப் பச்சை கலந்த சாம்பலாக இருக்கும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று, நிறத்தைத் தின்பது ஆழம் மட்டுமல்ல, தூரமும்தான். ஒளி தண்ணீருக்குள் நடந்த மொத்த வழியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். வெறும் இரண்டு மீட்டர் ஆழத்தில் இருக்கும் ஒரு சிவப்பு மீன், ஆறு மீட்டர் தள்ளி நின்றால், அதன் சிவப்பும் பதினாறில் ஒரு பங்காகிவிடும். படம் வரையும் செயலிகள் மேலிருந்து கீழே நிறம் இருட்டுவதை ஓரளவு சரியாகவே செய்கின்றன. ஆனால் அருகில் இருக்கும் பவளமும் பின்னால் இருபது மீட்டர் தள்ளியிருக்கும் பவளமும் ஒரே செம்மையோடு நிற்கும். பொய்யைக் கண்டுபிடிக்க நான் முதலில் பார்ப்பது படத்தின் பின்புறத்தைத்தான். தூரத்தில் சிவப்பு இருந்தால் அந்தப் படம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

அப்படியானால் இதழ்களில் முப்பது மீட்டர் ஆழத்துப் பவளம் செக்கச்செவேலென்று தெரிகிறதே என்று கேட்கலாம். அது ஃபிளாஷின் வேலை. ஒரு மீட்டர் தள்ளி விளக்கைப் போட்டால், அந்த ஒளி போகவும் வரவுமாக இரண்டு மீட்டர்தான் கடக்கிறது. சிவப்பில் பாதி பிழைத்துவிடும். அத்தகைய படங்களில் அருகில் இருப்பது வண்ணமாகவும் பின்னால் எல்லாம் நீலமாகவும் இருப்பது அதனால்தான். நம் காட்சியில் விளக்கு இல்லை. ஆகவே பிராம்ப்டின் தொடக்கத்திலேயே இயற்கை ஒளியில் எடுத்த படம் என்று சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு தொடர் செய்யும் வேலையைப் பத்து நிறப் பெயர்கள் செய்யா.

அடுத்து நீரின் நிறம். கடல் என்றாலே நீலம் என்று செயலிகள் நினைக்கின்றன. நடுக்கடலின் தெளிந்த நீரில் அது சரி. கரையோர நீரில் நுண்ணிய தாவர மிதவைகள் இருக்கின்றன. நிலத்திலிருந்து வந்த, மட்கிய இலைதழைகளின் மஞ்சள் சாறு கரைந்திருக்கிறது. இரண்டும் நீலத்தை விழுங்குபவை. சிவப்பைத் தண்ணீர் தின்ன, நீலத்தை இவை தின்ன, நடுவில் பச்சை மட்டும் மிஞ்சுகிறது. கடல்நீரை அதன் ஒளி ஊடுருவும் தன்மையை வைத்து வகை பிரித்தவர் சுவீடன் நாட்டு ஆய்வாளர் நில்ஸ் யெர்லோவ். நடுக்கடல் நீருக்கு ஒரு வரிசை, கரையோர நீருக்கு இன்னொரு வரிசை என்று அவர் வகுத்தது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நம் தேவைக்கு அந்த வகை எண்கள் வேண்டாம். பச்சைக் கரையோர நீர் என்று எழுதினால் போதும். படத்தின் முகமே மாறிவிடும்.

கண்ணால் பார்த்துக் கடலடியை வரைந்தவர்கள் கடலடிக் கேமரா பரவலாவதற்கு முன்பே இருந்தார்கள். ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஓய்கன் ஃபான் ரான்ஸோனே 1860களில் இலங்கைக் கரையோரத்தில் ஒரு மூழ்குமணிக்குள் உட்கார்ந்து கடலடிக் காட்சிகளை வரைந்தார். அவை அவருடைய இலங்கை நூலில் 1867இல் வெளிவந்தன. கரைக்குத் திரும்பி நினைவிலிருந்து வரையாமல் நீருக்குள்ளிருந்தே வரைய வேண்டும் என்று ஒருவர் அத்தனை பாடுபட்டதற்குக் காரணம் இருக்கிறது. கரையில் உட்கார்ந்தால் கை தானாகவே கரையின் நிறங்களை எடுக்கும். செயலியும் அந்தக் கையைப் போன்றதுதான்.

இனி ஒளிக்கதிர்கள். பிராம்ப்ட் எழுதுகிறவர்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். மிகவும் பிழையாக வருவதும் இதுதான்.

கடலுக்குள் வெயில் ஏன் தனித்தனிக் கதிர்களாகத் தெரிகிறது? மேற்பரப்பின் சிற்றலைகள் ஒவ்வொன்றும் ஒரு வில்லையைப் போல ஒளியைச் சில இடங்களில் குவிக்கின்றன, சில இடங்களில் விரிக்கின்றன. குவிந்த இடத்திலிருந்து கீழே இறங்கும் ஒளி பட்டையாகிறது. அந்தப் பட்டை பக்கவாட்டிலிருந்து நம் கண்ணுக்குத் தெரிய, நீரில் துகள்கள் இருந்து ஒளியைச் சிதறடிக்க வேண்டும். எனவே நேரடி வெயில், சிற்றலை, துகள் மூன்றும் சேர்ந்தால்தான் கதிர் உண்டு. மேகமூட்டமான நாளில் கதிர் இருக்காது. காற்றே இல்லாமல் கண்ணாடியாய்க் கிடக்கும் பரப்பின் கீழேயும் பட்டைகள் பிரியா.

கதிரின் சாய்வுக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. காற்றிலிருந்து தண்ணீருக்குள் நுழையும் ஒளி செங்குத்தை நோக்கி வளைகிறது. நம் காட்சியில் சூரியன் 45 பாகையில் இருக்கிறது. தண்ணீருக்குள் அதன் கதிர் செங்குத்திலிருந்து சுமார் 32 பாகைதான் சாய்ந்திருக்கும். சூரியன் அடிவானத்தையே தொட்டுக்கொண்டிருந்தாலும் இந்தச் சாய்வு 49 பாகையைத் தாண்டாது. ‘அந்திச் சூரியன், கடலடி’ என்று கேட்டால் செயலி பக்கவாட்டாகப் படுத்துக் கிடக்கும் கதிர்களை வரையும். அப்படி ஒரு கதிர் எந்தக் கடலிலும் கிடையாது.

பொன்னிறம் என்பதையும் இங்கே விட்டுவிட வேண்டும். கதிரும் தண்ணீருக்குள் வந்த ஒளிதானே. மேற்பரப்புக்கு ஒன்றிரண்டு மீட்டர் கீழே வேண்டுமானால் வெதுவெதுப்பு கொஞ்சம் மிஞ்சும். பன்னிரண்டு மீட்டரில் கதிரின் நிறம் நீரின் நிறமாகத்தான் இருக்க முடியும், நமக்கு வெளிர்ப்பச்சை.

ஆழம் போகப்போகக் கதிர்களின் விளிம்பு மங்கும். அலைகள் குவித்த ஒளி விரிந்து ஒன்றோடொன்று கலக்கிறது. நடுவிலிருக்கும் துகள்கள் மேலும் கலைக்கின்றன. எட்டு மீட்டர் பார்வையுள்ள நீரில், பன்னிரண்டு மீட்டர் தரைவரை கூர்மையாக வந்து குத்தும் கதிர் இருக்காது. மேலே கொஞ்சம் தெளிவாகவும் கீழே கரைந்தும் இருக்கும். தரையில் ஒளிவலை விழுவதும் அப்படித்தான். நீச்சல்குளத்துத் தரையில் நெளியும் அந்தப் பளிச்சென்ற வலைப்பின்னல் ஆழமற்ற தெளிந்த நீருக்கு உரியது. செயலிகள் அதை எல்லா ஆழத்திலும் விரித்துவிடுகின்றன. நம் பார் தரையில் மங்கலான ஒளியசைவுக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது.

கதிர்கள் எங்கே பார்த்து விரிகின்றன என்பதும் ஒரு நல்ல சோதனை. உண்மையில் அவை எல்லாம் இணையானவை. தண்டவாளங்கள் தொலைவில் கூடுவதைப் போலத்தான், மேலே பார்த்தால் சூரியன் தெரியும் பிரகாசமான இடத்திலிருந்து விரிவதாகத் தோன்றுகின்றன. ஆகவே அவற்றை மேல்நோக்கி நீட்டிப் பார்த்தால் எல்லாம் ஒரே புள்ளியில் சேர வேண்டும். திரையில் ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள். பல படங்களில் இரண்டு மூன்று புள்ளிகள் கிடைக்கும். அந்தக் கடலுக்கு இரண்டு மூன்று சூரியன்கள் என்று பொருள்.

துகள்களுக்கு வருவோம். மிதக்கும் துகள் என்று பொதுவாகக் கேட்டால் செயலிக்கு எது வேண்டுமானாலும் தோன்றும்: வெயிலில் பறக்கும் தூசு, நட்சத்திரம், தேவதைக் கதைப் பொடி, குமிழி. கடலில் மிதப்பவை வண்டல், மிதவை உயிரிகள், அவற்றின் கழிவும் எச்சமும் ஒட்டிக்கொண்ட பஞ்சுத் துணுக்குகள். இந்தத் துணுக்குகளைக் கடல் ஆய்வாளர்கள் கடல்பனி என்கிறார்கள். அந்தப் பெயரின் ஆங்கில வடிவத்தை அப்படியே பிராம்ப்டில் எழுதினால் சில செயலிகள் வானத்துப் பனியையே பொழிந்துவிடுகின்றன. வண்டல் என்று எழுதுவது பாதுகாப்பானது.

துகள் தானாக ஒளிராது. கதிர் படும் இடத்தில் வெளிறித் தெரியும், கதிர்களுக்கு இடையே அநேகமாக மறைந்துவிடும். இந்த ஒரு செய்தியைப் பிராம்ப்டில் சேர்த்தால் கதிரும் துகளும் ஒரே காட்சியின் பகுதிகளாக இணைகின்றன; இல்லாவிட்டால் துகள்கள் படத்தின் மீது தெளித்தவை போல மேலேயே நிற்கும். கேமராவுக்கு மிக அருகில் இருக்கும் ஓரிரண்டு மட்டும் குவியம் தப்பிப் பெரிதாகக் கலங்கியிருக்கலாம். படம் முழுக்க வெள்ளை வட்டங்கள் மிதந்தால் அது ஃபிளாஷ் போட்டுக் கெட்டுப்போன படத்தின் தோற்றம். கீழ்நோக்கிக் கோடு கோடாக விழும் துகள்களும் தவறு. கடல்பனி ஒரு நாள் முழுவதும் விழுந்தாலும் பெரும்பாலும் சில பத்து மீட்டர்களிலிருந்து சில நூறு மீட்டர்கள்தான் இறங்கும். படத்தில் அது அசையாமல்தான் நிற்கும்.

குமிழி வேறு கணக்கு. நம் குளிப்பவர் மூச்சை அடக்கி இறங்குகிறார். முதுகில் காற்றுக்கலம் இல்லை. வாயிலிருந்து குமிழி மாலையாகக் கிளம்பினால் அவர் உள்ளே வைத்திருந்த காற்று போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தரையை எட்டுவதற்கு முன்பே திரும்பிவிட வேண்டியிருக்கும்.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு பிராம்ப்ட் நீளமாக வேண்டியதில்லை. பெரும்பாலான செயலிகள் ஆங்கிலக் குறிப்புகளில் அதிகம் பழகியவை என்பதால் ஆங்கிலத்திலேயே எழுதுகிறேன்:

```
natural-light underwater photograph, green coastal water,
a South Indian pearl diver, bare eyes, lips closed,
sinks feet first, one foot on a stone tied to a rope,
sun high at upper left, soft pale-green light shafts slant down,
clear near the top, fading out before the seabed,
fine silt visible only inside the shafts,
olive-grey skin, loincloth almost black,
flat rock and sand below with scattered oysters,
everything behind him dissolves into green haze
```

இதில் ஓர் எண்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். பன்னிரண்டு மீட்டர் என்பது ஒலிவச் சாம்பல் தோலாகவும் கறுத்த துணியாகவும் மாறியிருக்கிறது. எட்டு மீட்டர் பார்வை என்பது பின்னால் எல்லாம் பச்சை மங்கலில் கரைவதாக மாறியிருக்கிறது. ஒன்பதரை மணி வெயில் என்பது இடதுமேல் மூலையிலிருந்து சாயும் கதிராக மாறியிருக்கிறது. பவளத்திட்டு என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். பார் என்பது தட்டையான பாறையும் மணலும் சிப்பிகளும் உள்ள இடம். அந்தச் சொல்லை விட்டுவைத்தால் வண்ணப் பவளக் காடு திரும்பி வந்துவிடும். பளிச்சென்ற நிறங்கள் என்ற தொடரும் போய்விட்டது. மற்ற எல்லா வரிகளையும் எதிர்த்து நிற்கும் சொற்கள் அவை.

வரிசைக்கும் காரணம் உண்டு. ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற முதல் தலைமுறைச் செயலிகள் ஒரே மூச்சில் எழுபத்தைந்து சொல்துண்டுகளைத்தான் படிக்கும். ஒரு சொல் ஒன்றுக்கு மேற்பட்ட துண்டாவதும் உண்டு. மேலே உள்ள பிராம்ப்டே அந்த எல்லையைத் தாண்டிவிடும். பின்னால் வந்தவற்றில் பல இதைவிட நீளமானதையும் முழுதாகப் படிக்கின்றன என்றாலும், ஒளியும் நீரும் முதல் வரியிலேயே இருப்பது நல்லது. பழைய செயலி என்றால் கடைசிப் பகுதியில் சிப்பியையும் மணலையும் விட்டுக்கொடுக்கலாம். பச்சை நீரை விட்டுக்கொடுக்கக் கூடாது.

படம் வந்த பிறகு திருத்த வேண்டியிருக்கும். கண்ணாடியும் குமிழியும் எப்படியும் ஒருமுறையாவது தலைகாட்டும், ஏனென்றால் நீருக்குள் மனிதன் என்றாலே செயலி பார்த்த படங்களில் அவை இருந்தன. ‘குமிழி வேண்டாம்’ என்று பிராம்ப்டுக்குள்ளேயே எழுதினால் அநேகமாகக் குமிழி கூடும்; வேண்டாம் என்பதைவிடக் குமிழி என்ற சொல்லைத்தான் செயலி பிடித்துக்கொள்ளும். உதடுகள் மூடியிருக்கின்றன, கண்கள் வெறுமையாக இருக்கின்றன என்று இருப்பதைச் சொன்னது அதற்காகத்தான். ஸ்டேபிள் டிஃப்யூஷனில் வேண்டாதவற்றை எழுதத் தனிப் பெட்டி இருக்கிறது. மிட்ஜர்னியில் கடைசியில் இப்படிச் சேர்க்கலாம்:

```
--no bubbles, goggles, fins, coral, red, gold
```

ஒரு நேரத்தில் ஒரு பிழையை மட்டும் திருத்துங்கள். நிறம் சரியில்லை என்றால் நிறத்தைத் தாங்கும் வரியை மட்டும் மாற்றிவிட்டு, விதை எண்ணை மாற்றாமல் மறுபடி வரையச் சொல்லுங்கள். விதை எண் என்பது படம் எந்தத் தொடக்கப் புள்ளியிலிருந்து வரையப்படுகிறது என்பதைக் குறிப்பது. அதை நிறுத்திவைத்தால்தான் மாறியது எந்தச் சொல்லால் என்று தெரியும். கதிர்கள் தரையைத் தொட்டுக்கொண்டே இருந்தால் கதிர் என்ற சொல்லின் வலிமையைக் குறைத்து, மேலே பரவலான வெளிர்ப்பச்சை ஒளி என்று எழுதிப் பார்க்கலாம். படம் மொத்தமும் நீலத்துக்கே திரும்பினால், பச்சை நீர் என்பதோடு வண்டல் கலந்த, ஆழமற்ற கரையோரம் என்று சேர்ப்பது உதவும்.

செயலிக்கு எட்டாத இடமும் இருக்கிறது. தூரத்துக்கு ஏற்ப நிறம் படிப்படியாகக் குறைவதை அது சொல்லிச் சொல்லி ஓரளவு செய்யும், துல்லியமாகச் செய்யாது. அது எளிய வேலையுமல்ல. கடலடிப் படங்களிலிருந்து நீரின் தாக்கத்தைக் கணக்கிட்டு நீக்கும் முறை ஒன்றை டெர்யா அக்கய்னாக்கும் டாலி ட்ரைபிட்ஸும் 2019இல் வெளியிட்டார்கள். பொருளிலிருந்து நேராக வரும் ஒளி குறைவதும், நடுவிலிருக்கும் நீர் சிதறடித்து அனுப்பும் மங்கல் கூடுவதும் ஒரே கணக்கில் அடங்குவதில்லை, இரண்டுக்கும் தனித்தனி அளவு வேண்டும் என்பது அவர்கள் அழுத்திச் சொன்னது. பொருள் ஒவ்வொன்றும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் அந்த முறைக்குத் தெரிந்தாக வேண்டும். வரையும் செயலியிடம் அப்படி ஓர் அளவு கிடையாது.

அதனால் கடைசிக் கட்டத்தைப் படத்திருத்தியில் கையால் செய்வதே நான் பரிந்துரைக்கும் வழி. படத்தில் அருகில் இருப்பது, நடுவில் இருப்பது, பின்னால் இருப்பது என்று மூன்று பகுதிகளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு அலைவரிசையைப் படிப்படியாகக் குறையுங்கள். பின்பகுதியில் அநேகமாகச் சுழியத்துக்குக் கொண்டுபோங்கள். பிறகு பின்பகுதியின் கறுப்பைத் தூக்கி நீரின் பச்சைக்கு அருகில் கொண்டுவாருங்கள். தொலைவில் நிழல்கூடக் கறுப்பாக இருக்காது, நீரின் நிறத்தில்தான் இருக்கும் என்பதால் இது முக்கியம். சிவப்பை மட்டும் குறைத்துவிட்டுக் கறுப்பை அப்படியே விட்டால், படம் நீருக்குள் எடுத்ததாகத் தோன்றாது, பச்சைக் கண்ணாடித்தாள் ஒட்டியதாகத்தான் தோன்றும்.

அருங்காட்சியகப் பலகைக்கோ பாடநூலுக்கோ படம் வேண்டுமென்றால் இந்தத் திருத்தமும் போதாது. அப்போது பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளுக்குப் போக வேண்டும். அதில் நீரை ஒரு கனவடிவமாக வைத்து, ஒளியை விழுங்கும் அளவையும் சிதறடிக்கும் அளவையும் `Volume Absorption`, `Volume Scatter` என்ற இரண்டு கூறுகளில் தனித்தனியாகக் கொடுக்கலாம். செயலிக்குப் பயன்படாத எண்கள் அங்கே நேரடியாக வேலைக்கு வரும். குளிப்பவரையும் கல்லையும் கயிற்றையும் மாதிரியாகச் செய்து, சூரியனை 45 பாகையில் நிறுத்தி, நீரின் மேற்பரப்புக்கு ஒளிவிலகலையும் கொடுத்தால் கதிர் 32 பாகையில் இறங்கும், இடுப்புத் துணியைச் சிவப்பாகவே வைத்தாலும் பன்னிரண்டு மீட்டரில் அது தானாகவே கறுக்கும். வேலை சில நாட்கள் பிடிக்கும். இதழ்க் கட்டுரைக்குச் செயலியின் படத்தைத் திருத்திப் போட்டு, செயற்கை நுண்ணறிவால் வரைந்தது என்று கீழே தெளிவாக அச்சிட்டுவிடலாம்.